வாங்குபவரின் கையில் இருக்கும் திரை

(ஸ்கூடாயில் சிறுதொழில் செய்வோருக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது ஜொகூர் பாலத்தில் அன்றாடப் போக்குவரத்து நின்றது. அதற்கு முன்பு இரு திசைகளிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 3 லட்சம் பேருக்கு மேல் கடந்துகொண்டிருந்தார்கள். முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு அது பழையபடி திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. அந்த இரண்டு ஆண்டுகளில் ஸ்கூடாயில் இருந்துகொண்டு சிங்கப்பூருக்கு விற்றவர்கள், கோலாலம்பூருக்கு விற்றவர்கள், பக்கத்துத் தாமானுக்கு விற்றவர்கள் எல்லோருமே காணொளி அழைப்புக்கு வந்து சேர்ந்தோம். புடவை விற்றவர் புடவையைக் கேமராவுக்கு முன்னால் விரித்தார். காப்புறுதி முகவர் அட்டவணையைத் திரையில் காட்டினார். பாலம் திறந்த பிறகும் பலர் இந்த வழக்கத்தை விடவில்லை. குளுவாங்கில் இருக்கும் வாடிக்கையாளரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அரை நாள் போய்விடும். அழைப்பில் அரை மணி நேரத்தில் முடியும்.

முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் நாம் காட்டுவது ஒன்றாகவும் அவருக்குப் போய்ச் சேருவது வேறொன்றாகவும் இருக்கிறது. நம் மடிக்கணினியில் தெளிவாக, பெரிதாக, உடனுக்குடன் தெரிகிற எல்லாமே அவர் கையில் சின்னதாக, மங்கலாக, கொஞ்சம் தாமதமாகப் போய் நிற்கிறது. இன்று நான் பேசப்போவது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

ஓர் அழைப்பை எடுத்துக்கொள்வோம். நான் விற்பது கணக்கு மென்பொருள், அதனால் அதையே உதாரணமாக வைக்கிறேன். வாங்கக்கூடியவர் குளுவாங்கில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். கடைக் கணக்கைப் பார்ப்பது அவருடைய மகள். வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் திட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களோடு தொடங்கிப் படிப்படியாகச் சிறிய கடைகளை நோக்கி வந்தது. தன் முறை வந்துவிட்டதே என்ற கவலை அவருக்கு. மகள் கடையின் பின்னறையில் கணினியில் சேர்கிறாள். அவர் கல்லாவில் நின்றபடி கைப்பேசியில் சேர்கிறார். முடிவு எடுப்பவர் அவர். அவர் கையில் இருப்பதோ ஆறரை அங்குலத் திரை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும்.

முதலில் கேமரா. நல்ல கேமரா வாங்க வேண்டுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அவருடைய கைப்பேசியில் உங்கள் முகம் கட்டைவிரல் அகலத்துக்குத்தான் தெரியப்போகிறது. அந்த அளவில் 200 ரிங்கிட் கேமராவுக்கும் 800 ரிங்கிட் கேமராவுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். கண் பார்வையின் திசையும் வெளிச்சமும் மட்டும் அந்தக் கட்டைவிரல் அளவிலும் பளிச்சென்று தெரியும். அதனால் காசைவிட நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

கண் பார்வையைப் பற்றி 2002இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மில்டன் சென் என்பவர் செய்த ஆய்வு ஒன்று நமக்கு நேரடியாகப் பயன்படுகிறது. எதிரே இருப்பவர் கேமராவுக்குச் சற்றுக் கீழே பார்த்தால், நம்மைப் பார்ப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஏறத்தாழ 5 பாகை வரை கீழே போனாலும் பெரும்பாலும் உறுத்துவதில்லை. ஆனால் இடப்பக்கமோ வலப்பக்கமோ மேலேயோ பார்வை கொஞ்சம் விலகினாலே, இவர் வேறு எங்கோ பார்க்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. திரையிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு 5 பாகை என்பது சுமார் 5 சென்டிமீட்டர். ஆகவே வாடிக்கையாளரின் முகம் தெரியும் சன்னலைச் சிறிதாக்கி, கேமராவுக்கு நேர் கீழே, திரையின் மேல் விளிம்பை ஒட்டி இழுத்து வையுங்கள். கேமராவையே வெறித்துப் பார்த்துக்கொண்டு பேசச் சொல்கிற அறிவுரையை நான் ஏற்பதில்லை. அப்படிச் செய்தால் அவருடைய முகம் உங்களுக்குத் தெரியாது. அவர் முகத்தைப் படிக்காமல் விற்க முடியாது. முகத்தைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் இரண்டும் நடக்கும். இரண்டு திரை வைத்திருப்பவர்கள் பக்கத்துத் திரையில் வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு பேசினால், அரை மணி நேரமும் அவருக்கு உங்கள் காதுதான் தெரியும்.

கேமரா உங்கள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியை மேசையில் அப்படியே வைத்தால் அது கீழிருந்து உங்கள் மூக்குத் துவாரத்தையும் கூரை விசிறியையும் காட்டும். அடியில் நான்கு கனமான புத்தகம் வைத்தால் போதும். தலைக்கு மேல் நான்கு விரல் இடைவெளி, கீழே நெஞ்சு வரை. கை அசைவும் கொஞ்சம் தெரிய வேண்டும், நாம் கையால் பேசுகிறவர்கள்.

வெளிச்சத்தில் நம் நிறத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதை வெளிநாட்டுக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை. கேமரா தானாகவே வெளிச்சத்தை அளந்து சரிசெய்துகொள்கிறது. அப்போது பல நேரங்களில் படம் முழுவதையும் சேர்த்துத்தான் அளக்கிறது. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால், காட்சி அதிக வெளிச்சமாக இருக்கிறது என்று எண்ணி மொத்தத்தையும் இருட்டாக்குகிறது. சிவந்த நிறத்தவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. கருமையான முகத்தில் கண்ணும் வாயும் இருளில் மறைந்துவிடும். முகபாவமே போய்ச் சேராது. நம் வீட்டுக் கூடங்களில் சுவர் பெரும்பாலும் வெள்ளைதான். இளநீலமோ சாம்பலோ பழுப்போ உள்ள ஒரு துணியைப் பின்னால் தொங்கவிடுங்கள். ஒரு மேசை விளக்கை முகத்துக்கு நேரே வெள்ளைத்தாளால் மறைத்து வையுங்கள். முகம் உடனே தெளியும். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவதும் இதே சிக்கலைத் தரும், இன்னும் மோசமாக.

வெளிச்சம் போதாவிட்டால் இன்னொன்றும் நடக்கிறது. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 30 படம் என்பது 15 ஆகிவிடும், கையசைவு இழுபடும். இணையம் மெதுவாக இருக்கிறது என்று நாம் நினைப்போம், காரணம் விளக்குதான். சில இடங்களில் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டிருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா 60க்கு அமைக்கப்பட்டிருந்தால் குழல் விளக்கின் கீழ் இப்படி வரும். கேமராவின் அமைப்புப் பக்கத்தில் Anti-flicker என்பதை 50 Hz ஆக்கினால் நின்றுவிடும். புடவை, நகை விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மஞ்சள் விளக்கும் சன்னல் வெளிச்சமும் கலந்த இடத்தில் நிறம் ஒருபோதும் சரியாக வராது. இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள் அல்லது மூடிவிடுங்கள்.

இனித் திரைப் பகிர்வு. விற்பனை பெரும்பாலும் கைநழுவிப் போவது இங்கேதான் என்பது என் கருத்து. அதனால் இதில் கொஞ்சம் தங்கிப் பேசுகிறேன்.

14 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் சுமார் 31 சென்டிமீட்டர். நம் பெரியவர் கைப்பேசியை நெட்டுவாக்கில் பிடித்திருக்கிறார். அதன் அகலம் 7 சென்டிமீட்டருக்குள். நீங்கள் முழுத் திரையையும் பகிர்ந்தால் 31 சென்டிமீட்டர் 7க்குள் அடங்க வேண்டும். உங்கள் திரையில் 3 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து அவருக்கு முக்கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அவர் வயது அறுபது. மூக்குக்கண்ணாடி கல்லாப் பெட்டியில் இருக்கிறது. அவர் "தெரியலையே" என்று சொல்ல மாட்டார். "ம்ம்" என்பார். நீங்கள் தொடர்ந்து விளக்கிக்கொண்டே போவீர்கள். மகளுக்கு மட்டும் தெரியும், ஆனால் பணம் கொடுப்பவர் மகள் இல்லை.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. முழுத் திரையைப் பகிராதீர்கள். Share Screen அழுத்தியபின் மென்பொருள் இருக்கும் அந்த ஒரு சன்னலை மட்டும் தேர்ந்தெடுங்கள். பகிர்வதற்கு முன் அந்தச் சன்னலின் பக்க விளிம்பை இழுத்து ஒடுக்கமாக்குங்கள், 12 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் போதும். பிறகு Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு + அழுத்தி 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்குங்கள். இப்போது அந்த 3 மில்லிமீட்டர் எழுத்து அவர் கையில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டராகத் தெரியும், நாளிதழ் படிப்பதுபோல் படிக்கலாம். உங்களுக்குப் பார்க்க அசிங்கமாக இருக்கும். பாதிப் பக்கம் மறைந்திருக்கும். பரவாயில்லை, பார்க்கப்போவது நீங்கள் இல்லை. சன்னலை மட்டும் பகிர்வதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வேறொரு வாடிக்கையாளர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி ஓரத்தில் எட்டிப் பார்க்காது.

இது சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்களுடைய கைப்பேசியிலிருந்தும் அதே கூட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். ஒலியை மட்டும் இணைக்காதீர்கள், இணைத்தால் எதிரொலிக்கும். அதை மடிக்கணினிக்குப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். அவருக்குத் தெரிவது உங்களுக்கும் அதில் தெரியும். ஒரு பக்கத்தைத் திறந்த பிறகு கைப்பேசியில் அது வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்பதையும் அதில் பார்க்கலாம். முதலில் மங்கலாக வரும், பிறகுதான் எழுத்து தெளியும். எழுத்து தெளியும் வரை வாயைத் திறக்காதீர்கள். தொலைதூர விற்பனைக்கு நான் சொல்லும் கருவி ஒன்றே ஒன்று என்றால், அந்த இரண்டாவது கைப்பேசிதான்.

அடுத்தது, எதைக் காட்டுவது. இ-இன்வாய்ஸில் நிரப்புவதற்கு 55 தகவல் இடங்கள் வரை உண்டு. அவற்றைக் காட்டினால் நம் பெரியவர் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். முந்தின நாளே மகளிடம் அவர்களுடைய பழைய பில் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பில்லில் உள்ள பொருள்களையே மென்பொருளில் முன்கூட்டி ஏற்றிவையுங்கள். அழைப்பில் முதலில் வருவது உங்கள் மென்பொருளின் முகப்பு அல்ல, அவர் கடையின் பெயர் போட்ட பில். இரண்டு அங்குல ஆணி, சிமெண்டு மூட்டை, பி.வி.சி. குழாய். தன்னுடைய கடைச் சரக்கைத் திரையில் பார்த்த மனிதர் கைப்பேசியைக் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுவருவார். அதைக் கேமராவில் நீங்களே பார்க்கலாம்.

அவருக்கு உண்மையில் இரண்டு பயங்கள்தான். ஆணி வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் இ-இன்வாய்ஸ் போட வேண்டுமா என்பது ஒன்று. கேட்காத சில்லறை வாடிக்கையாளர்களின் விற்பனையைச் சேர்த்து, மாதம் முடிந்த 7 நாளுக்குள் ஒரே தொகுப்பாக அனுப்பலாம் என்ற பொதுவான ஏற்பாடு இருக்கிறது, ஆனால் கட்டுமானப் பொருள் விற்பனைக்கு அது எல்லா நேரமும் பொருந்தாது. அந்தத் தொகுப்புப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். தப்பாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது இரண்டாவது. வாரியம் சரிபார்த்த பின் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். வேண்டுமென்றே ஒரு தவறான தொகையைப் பதிந்து, அவர் பார்க்க ரத்து செய்யுங்கள், ஆனால் பயிற்சிக்கென்று உள்ள கணக்கில். திரையில் காட்ட இந்த இரண்டும் போதும். ஐந்தாவது, ஆறாவது வசதிகளைக் காட்டுகிறவர்கள் தங்கள் மென்பொருளைக் காதலிக்கிறார்கள், வாடிக்கையாளரை அல்ல.

பகிரும்போது நம் முகம் ஒரு மூலையில் சுருங்கிவிடும், கைப்பேசியில் சில நேரம் காணாமலேயே போய்விடும். ஆகவே காட்ட வேண்டியது முடிந்ததும் பகிர்வை நிறுத்துங்கள். விலையைத் திரையில் ஓர் அட்டவணையாகக் காட்டாதீர்கள், முகத்தைப் பார்த்து வாயால் சொல்லுங்கள். மாதம் 90 வெள்ளி என்றால் 90 வெள்ளி என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

நிறுத்துவது என்று சொல்வது எளிது. இங்கேதான் வேகம் என்ற விஷயம் வருகிறது. மனிதர்கள் நேரில் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவில் சராசரியாக 0.2 நொடிதான் இருக்கிறது. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு உலகின் பத்து மொழிகளில் இதை அளந்தது. மொழிக்கு மொழி சிறு வேறுபாடுதான். இனி அழைப்புக்கு வாருங்கள். பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 0.15 நொடிக்குமேல் ஆகக் கூடாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கும் அளவு. நல்ல இணைப்பிலேயே போக 0.15, வர 0.15. அவர் வழக்கமான வேகத்தில் பதில் சொன்னாலும் உங்கள் காதுக்கு அரை நொடி கழித்துத்தான் வரும். கைப்பேசியும் கடைக்குள் பலவீனமான சிக்னலும் சேர்ந்தால் ஒரு நொடிக்கும் மேல் ஆகலாம். உங்கள் மூளை அதைத் தயக்கம் என்று படித்துக்கொள்கிறது. விலை அதிகம் என்று நினைக்கிறாரோ என்ற பயத்தில் நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள்: "வேணும்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம் அண்ணே." அதே நேரத்தில் அங்கிருந்து "சரி, பரவாயில்ல" என்ற குரல் வழியில் வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் மோதிக்கொள்கின்றன. இருவரும் நிறுத்துகிறீர்கள். "சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க." அவர் ஒப்புக்கொண்ட விலையை நீங்களே குறைத்துவிட்டீர்கள், இனி ஏற்ற முடியாது.

ஆகவே கேள்வி கேட்டபின் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். நேரில் அது முரட்டு மௌனம். அழைப்பில் அது சாதாரண இடைவெளி. நீளமாகப் பேசாதீர்கள், இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை இடம் விடுங்கள், அவர் குறுக்கிட நினைத்தால் அந்த இடத்தில்தான் முடியும். இரண்டு பேர் இருக்கும் அழைப்பில் கேள்வியைப் பொதுவில் வீசாதீர்கள். "புரியுதா?" என்றால் இருவரும் அடுத்தவர் பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். "தங்கச்சி, மாசக் கடைசியில இந்தக் கணக்க முடிக்க இப்ப எத்தன நாளு எடுக்குது?" என்று அவளிடம் கேளுங்கள். "அண்ணே, கடன்ல எடுக்கிற காண்ட்ராக்டருங்க எத்தன பேரு?" என்று அவரிடம் கேளுங்கள். தகப்பனுக்குத் தெரியாத வேலைச் சுமையை மகள் சொல்வாள். அதை அவர் கேட்பதே பாதி விற்பனை.

கவனம் போய்விட்டது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. "ம்ம்" என்ற ஒலி நம் வாக்கியம் முடியும் இடத்தில் வந்தால் கேட்கிறார். ஒரே சீரான இடைவெளியில் வந்துகொண்டிருந்தால் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியில் தெரியும் திரையின் நிறம் மாறினால் வேறு எதையோ திறந்திருக்கிறார். கைப்பேசி மெல்லச் சாய்ந்து கூரை தெரிந்தால் கை களைத்துவிட்டது. இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. தன் முகத்தைத் தானே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதும், இடம் நகராமல் இருப்பதும், பெரிதாகத் தெரியும் முகங்களின் பார்வையும் காணொளி அழைப்பில் அலுப்பைக் கூட்டுகின்றன என்று ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் விளக்கியிருக்கிறார். உங்கள் பக்கத்தில் Hide Self View என்பதை அழுத்தி உங்கள் முகத்தை மறைத்துவிடுங்கள், உங்களுக்காவது அந்தச் சுமை குறையும். அவரிடம், "அண்ணே, போன எதுலயாச்சும் சாச்சு வைங்க, கை வலிக்கும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள்.

நடுவில் கடைக்கு ஆள் வருவார். நிச்சயம் வருவார், அது கடை. காலையில் ஒப்பந்தக்காரர்கள் வந்துபோகும் நேரத்தை விட்டு, பகல் இரண்டு மூன்று மணிக்கு வைத்துக்கொண்டால் குறைவாக வருவார்கள். பெரியவர் அந்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டால் மகளிடம் தொடர்ந்து விளக்காதீர்கள். "அப்பா வரட்டும், ரெண்டு நிமிஷம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். கடைசியாகப் பார்த்த பில்லையே மறுபடி திறந்து, ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் அழைப்பு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். விலை பேசும்போது அறுந்தால் அதைவிடக் கேடு வேறில்லை. 25 நிமிடத்துக்குத் திட்டமிட்டால் இந்தக் குறுக்கீடுகளுக்கும் இடம் இருக்கும். மாலை இடியும் மழையும் நம் ஊரில் சொல்லாமல் வரும். இணைப்பு தடுமாறினால் முதலில் உங்கள் கேமராவை அணையுங்கள், பகிர்வையும் குரலையும் காப்பாற்றுங்கள். படம் இல்லாமல் விற்கலாம், குரல் அறுந்தால் விற்க முடியாது.

சிலர் என்னிடம் ஜூம் எதற்கு, வாட்ஸ்அப்பே போதாதா என்று கேட்கிறார்கள். 2023 ஆகஸ்ட் முதல் வாட்ஸ்அப் காணொளி அழைப்பிலும் திரையைப் பகிரலாம். இணைப்பு அனுப்பி, செயலி இறக்கி, கடவுச்சொல் போட்டுத் தடுமாறுகிற பெரியவருக்கு அது மேல். உங்கள் மென்பொருள் கைப்பேசியிலும் ஓடுமானால் கைப்பேசித் திரையையே பகிருங்கள். அவர் கையில் இருப்பதும் அதே வடிவம் என்பதால் சுருக்கும் தொல்லையே இல்லை. ஆனால் அப்போது உங்கள் கைப்பேசியில் வரும் மற்ற அறிவிப்புகளை நிறுத்திவைக்க மறக்காதீர்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தில் முடிவைக் கேட்பதைவிட அடுத்த தேதியைக் கேட்பது நல்லது. வெள்ளிக்கிழமை மகள் தன் கையால் ஒரு பில் போட்டுப் பார்ப்பாள், நான் இணைப்பில் இருப்பேன், அப்பாவும் பத்து நிமிடம் வரட்டும். அழைப்பு முடிந்த கால் மணிக்குள் அவருடைய பில், விலை, அந்தத் தேதி மூன்றும் உள்ள ஒரே ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பி.டி.எஃப். வேண்டாம், அதை அவர் திறக்க மாட்டார். படம் என்றால் திறக்காமலேயே தெரியும், இரவு சாப்பாட்டில் மனைவியிடம் காட்டுவார்.

வெள்ளிக்கிழமை மகள் பில் போடும்போது திரையை அவள் பகிரட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். சுட்டி எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே கேளுங்கள். சரக்கு இருப்புப் பட்டியலே இல்லை, பத்து ஆண்டுக் கணக்கு நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது என்று அப்போது தெரியவந்தால், அழைப்பை அதோடு முடித்துக்கொண்டு ஒரு நாள் குறித்துக் குளுவாங்குக்கு வண்டியை எடுங்கள். அந்த நோட்டுகளைக் கேமரா வழியாகப் புரட்ட முடியாது.